கண்ணாடியில் தெரியாத மடி

1947-இல் ராபர்ட் மாண்ட்கமரி இயக்கி நடித்த ‘லேடி இன் தி லேக்’ படத்தில் கேமராதான் கதாநாயகன். துப்பறிவாளர் மார்லோ பார்ப்பதை மட்டுமே பார்வையாளர்களும் பார்த்தார்கள். மற்ற பாத்திரங்கள் லென்ஸைப் பார்த்துப் பேசினார்கள், லென்ஸை நோக்கிக் கை ஓங்கினார்கள். மார்லோவின் முகம் கண்ணாடிகளில் எப்போதாவது தெரியும். இடையிடையே அவரே திரையில் தோன்றிக் கதை சொல்வார். புதுமை இருந்தும் படம் முழுக்க ஒரு விறைப்பு ஒட்டிக்கொண்டது. ஊரெல்லாம் சுற்றி எதையும் பார்க்கக்கூடிய ஆள் அவர். அப்படிப்பட்டவரின் பார்வைக்குள் நம்மை அடைத்து வைக்க வலுவான காரணம் கதையில் இல்லை.

ஜூலியன் ஷ்னாபலின் ‘தி டைவிங் பெல் அண்ட் தி பட்டர்ஃப்ளை’ (2007) படத்தில் அந்தக் காரணம் இருந்தது. பக்கவாதத்தால் உடல் முழுதும் செயலிழந்து, இடது கண்ணை மட்டும் இமைக்க முடிந்த பத்திரிகை ஆசிரியர் ழான் தொமினிக் பொபியின் கதை அது. திரைக்கதை எழுதிய ரொனால்ட் ஹார்வுட், கேமராவையே அந்தக் கண்ணாக்கினார். மருத்துவர் வலது கண்ணைத் தைத்து மூடும்போது நாம் உள்ளேயிருந்து பார்க்கிறோம். தலையைத் திருப்ப முடியாதவர் என்பதால் சட்டகத்துக்கு வெளியே போனவர் போனவர்தான். எழுதுபவர் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு தடையைத்தான்.

ஐந்து நிமிடக் குறும்படத்துக்கு அந்தத் தடை ஒரு ஆட்டோவிலேயே கிடைக்கும். ஓட்டுநரின் பார்வையில் கதை. சவாரி பின்னால் உட்கார்ந்திருக்கிறது. சிறிய கண்ணாடியில் முகம் மட்டும் தெரிகிறது. கண்ணை அங்கே அதிக நேரம் வைக்கவும் முடியாது, சாலை இருக்கிறது.

விடியாத நேரம். ஒரு பெரியவர் ஏறுகிறார். “பெசன்ட் நகர் பீச்சுக்குப்பா.” கொஞ்ச தூரம் போனதும் பின்னால் அவர் குரல்: “இதோ ஆச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான்.” செல்போனில் பேசுகிறார் என்று ஓட்டுநரோடு நாமும் நினைக்கிறோம். ஒரு நொடி கண்ணாடி: காதில் போன் இல்லை. மறுபடியும் சாலை. அடுத்த சிக்னலில் பின்னால் வந்து நிற்கும் பஸ்ஸின் விளக்கு கண்ணாடியில் பட்டுக் கூசுகிறது. ஓட்டுநரின் கை உயர்ந்து கண்ணாடியைக் கீழே சாய்க்கிறது. பெரியவரின் மடி தெரிகிறது. அதில் வாய் கட்டிய மண்கலசம்.

ஸ்கிரிப்டில் ‘பெரியவர் அஸ்திக் கலசத்துடன் ஏறுகிறார்’ என்று முதலிலேயே எழுதினால் படம் அங்கேயே முடிந்துவிடும். கண்ணில் பட்ட வரிசையில்தான் வரிகள் வர வேண்டும்:

சாலை. ஈரத் தார். பின்னால் குரல்.
கண்ணாடி, ஒரு நொடி. முகம். காதில் போன் இல்லை.
சாலை.

ஏறும்போது மட்டும் ஏன் கலசம் கண்ணில் படவில்லை என்ற கேள்விக்கும் பக்கத்திலேயே பதில் வேண்டும். அவர் ஏறும் நேரத்தில் ஓட்டுநர் குனிந்து கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறார் என்று வைக்கலாம். பதில் இல்லாவிட்டால் இயக்குநர் வேண்டுமென்றே மறைத்தது பார்வையாளருக்குத் தெரிந்துவிடும்.

‘ஓட்டுநர் மனம் கலங்கினார்’ என்ற வரிக்கும் இங்கே வேலையில்லை, அவர் முகம் நமக்குத் தெரியாது. பச்சை விழுந்த பிறகும் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கவில்லை, பின்னால் ஹாரன்கள், பிறகு இன்ஜின் முன்பைவிட மெதுவாக இரைகிறது. கலக்கத்தை இவை சொல்லிவிடும்.

கேமரா நடத்தையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மனிதக் கண் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இடையில் இருப்பதை மூளை பெரும்பாலும் விட்டுவிடும். சாலையிலிருந்து கண்ணாடிக்கு கேமராவை மெல்ல நகர்த்தினால் யாரோ படம்பிடிக்கிறார்கள் என்ற உணர்வுதான் வரும். சட்டென்ற திருப்பமோ இமைப்பு போன்ற வெட்டோ பொருந்தும். நடக்கும்போது தலை ஆடினாலும் நம் பார்வை நிலையாக இருக்கிறது. தலையில் கட்டிய கேமராவுக்கு அந்த வசதி இல்லை. அதிர்வைக் குறைக்காவிட்டால் பார்ப்பவருக்குக் குமட்டும்.

கண்ணாடி ஷாட்டில் வழக்கமாக நேரும் பிழை ஃபோகஸ். கண்ணாடி அரை மீட்டர் தூரத்தில், பெரியவர் அதிலிருந்து ஒன்றரை மீட்டரில் என்றால், லென்ஸை இரண்டு மீட்டருக்கு வைக்க வேண்டும். அரை மீட்டருக்கு வைத்தால் கண்ணாடியின் சட்டமும் தூசியும் தெளிவாகி முகம் மங்கும். அகன்ற லென்ஸில் கண்ணாடி ஒரு தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், காதில் போன் இல்லாதது யாருக்கும் தெரியாது. பெரியவராக நடிப்பவருக்கும் ஒரு குறிப்பு தேவை. கண்ணாடியில் அவர் முகம் கேமராவுக்குத் தெரிந்தால், அதே கண்ணாடியில் லென்ஸ் அவருக்கும் தெரியும். அதை அவர் ஒரே ஒரு முறை, மடி வெளிப்பட்ட பிறகு, சாய்ந்த கண்ணாடியை நோக்கிக் குனியும்போது பார்த்தால் போதும்.