இரண்டு கோடுகளைச் சொல்லிக் காட்டுவது

பார்வையற்றவர்கள் கணினியில் கட்டுரை படிக்கும்போது ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருள் எழுத்துகளை வாசித்துச் சொல்கிறது. நடுவே படம் வந்தால், அதோடு நாம் எழுதிச் சேர்த்த மாற்று உரையைத்தான் அது வாசிக்கும். பூனைப் படத்துக்கு ஒரு வரி போதும். கோட்டு வரைபடத்துக்குப் போதாது.

இந்தியாவின் எழுத்தறிவு வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். 1951 முதல் 2011 வரை ஏழு கணக்கெடுப்புகள். மேலே ஆண்களின் கோடு, கீழே பெண்களின் கோடு. மொத்தம் 14 புள்ளிகள்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, பதினான்கையும் வரிசையாக எழுதிவிடலாம் என்பதுதான். "1951, ஆண்கள் 27.2, பெண்கள் 8.9. 1961, ஆண்கள் 40.4, பெண்கள் 15.4. 1971..." கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது இதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்காவது கணக்கெடுப்பு வரும்போது முதலாவது மறந்திருக்கும். அட்டவணை என்றால் கட்டம் கட்டமாக முன்னும் பின்னும் நகர்ந்து கேட்கலாம். மாற்று உரைக்குள் அந்த வசதி இல்லை, அது ஒரே மூச்சில் ஓடிவிடும். அதனால் எண்கள் முழுவதையும் படத்துக்குக் கீழே அட்டவணையாகப் போட்டுவிடுவதே நல்லது. மாற்று உரைக்கு உள்ள வேலை, கண் ஒரு பார்வையில் பிடிப்பதைச் சொல்வது.

கண் எதைப் பிடிக்கிறது? இரண்டு கோடுகளும் ஏறுகின்றன. அது உடனே தெரியும். அடுத்து, நடுவே உள்ள இடைவெளி. அந்த இடைவெளிக்கென்று வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, ஆனாலும் கண் அதைத்தான் பார்க்கிறது. எழுதுகிறவர் கழித்துப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்: 1951இல் 18.3, பிறகு 25.0, 24.0, 26.6, 24.8, 21.6, கடைசியில் 16.3.

"1981 வரை விரிந்து, பிறகு சுருங்கியது" என்றுதான் நானும் முதலில் எழுதினேன். காதுக்கு அழகாக இருந்தது, ஆனால் தப்பு. 1971இல் இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறதே! நடந்தது வேறு. முதல் பத்தாண்டில் ஆண்களின் கோடு 13 புள்ளி தாவியபோது பெண்களின் கோடு அதில் பாதிதான் ஏறியது. இடைவெளி சட்டென்று 25ஐத் தொட்டது. அடுத்த முப்பது ஆண்டுகள் அது அங்கேயே தடுமாறிக்கொண்டிருந்தது. 1991க்குப் பிறகுதான் இறங்கத் தொடங்கியது.

எண்களை முழுதாக்கும்போதும் கவனம் வேண்டும். தசமம் காதுக்குச் சுமை என்பதால் அதை விட்டுவிடுவது வழக்கம். 1981இல் ஆண்கள் 56.4, பெண்கள் 29.8, முழுதாக்கினால் 56, 30. இடைவெளியையும் முழுதாக்கி 27 என்று எழுதினால், கேட்பவர் மனத்துக்குள் கழித்துப் பார்த்து 26 என்பார், நம் மேல் நம்பிக்கை போய்விடும். அந்த ஆண்டைத் தவிர்த்தேன். அதேபோல, பெண்களின் எழுத்தறிவு 56 விழுக்காடு கூடியது என்று எழுதக் கூடாது. 9இலிருந்து 65க்குப் போனது 56 விழுக்காட்டுப் புள்ளிகள். மடங்கில் சொன்னால் ஏழு மடங்கு.

இன்னொன்று அடிக்குறிப்பு. 1971 வரை ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துக் கணக்கிட்டார்கள், 1981 முதல் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களை. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னப் பிள்ளைகள் கணக்கிலிருந்து கழிந்துவிடுவதால், அந்த இடத்தில் தெரியும் ஏற்றத்தில் ஒரு பங்கு இந்த மாற்றத்தால் வந்தது. படத்தில் பொடி எழுத்தில் இருப்பதால் அதை விட்டுவிட ஆசை வரும். விடக் கூடாது. மாறாக, எழுத்தறிவு ஏன் கூடியது என்ற விளக்கம் படத்தில் இல்லை. அதை மாற்று உரையில் நுழைக்கவும் கூடாது.

கடைசியில் வந்தது இது:

"கோட்டு வரைபடம்: இந்தியாவில் ஆண், பெண் எழுத்தறிவு, 1951 முதல் 2011 வரை. இரண்டு கோடுகளும் தொடர்ந்து ஏறுகின்றன. ஆண்கள் 27 விழுக்காட்டிலிருந்து 81க்கும், பெண்கள் 9இலிருந்து 65க்கும் உயர்ந்திருக்கிறார்கள். இடைவெளி 1951இல் 18 புள்ளி. 1961இல் 25 ஆகி, 1991 வரை அதை ஒட்டியே இருந்து, 2011இல் 16 ஆகக் குறைகிறது. பெண்களின் கோடு எங்கும் ஆண்களின் கோட்டைத் தொடவில்லை. 1971 வரை ஐந்து வயதுக்கு மேற்பட்டோர், பிறகு ஏழு வயதுக்கு மேற்பட்டோர். முழு எண்கள் கீழே அட்டவணையில்."

"நீலக் கோடு, சிவப்புக் கோடு" என்று எழுதவில்லை. ஆண்கள், பெண்கள் என்பதே போதும். "1951-2011" என்றும் எழுதவில்லை. நடுவில் உள்ள கோட்டைச் சில ஸ்க்ரீன் ரீடர்கள் விழுங்கிவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தைக் காணாத ஒருவருக்கு இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டி, காகிதத்தில் இரண்டு கோடுகளை வரையச் சொல்லலாம். முதல் வரைவை என் வீட்டில் வாசித்தபோது, 2011இல் இரண்டு கோடுகளும் ஒன்றாய்ச் சேர்வதுபோல் வரைந்து காட்டினார்கள். "எங்கும் தொடவில்லை" என்ற வாக்கியம் அதற்குப் பிறகு சேர்ந்ததுதான்.