வீட்டு விளம்பரமும் நாமும்

வீட்டை விற்க விளம்பரம் கொடுத்திருந்த ஒரு சகோதரி, விலையை 60 இலட்சத்திலிருந்து 55 இலட்சமாகக் குறைத்தார். இணைய விளம்பரத்தில் மாற்றிவிட்டார். தரகரிடமும் கடைச் சுவரில் ஒட்டிய தாளிலும் பழைய விலையே இருந்தது. வாங்க வந்தவர் இரண்டு விலைகளையும் கண்டு, தரகர் இடையில் 5 இலட்சம் வைக்கிறார் என்று சந்தேகித்துப் பின்வாங்கினார்.

ஆகவே விளம்பரம் கொடுத்த இடங்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். விலை மாறும் நாளிலேயே எல்லா இடங்களிலும் மாற்றுங்கள்.

"இந்த விலைக்கு எடுக்கிறேன்" என ஒருவர் வாயால் சொன்னவுடன் விளம்பரத்தை அகற்ற வேண்டாம். இலங்கைச் சட்டப்படி காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லும். அதுவரை "பேச்சு நடக்கிறது" என்று சேர்த்தால் போதும். அடுத்து வருபவரிடமும் அதையே சொல்லுங்கள். உடன்படிக்கை எழுதி முற்பணம் பெற்றதும் "முற்பணம் பெறப்பட்டது" என மாற்றுங்கள். அதன்பின் வேறெவரிடமும் பணம் வாங்கக் கூடாது.

உறுதி முடிந்த அன்றே எல்லா விளம்பரங்களையும் நீக்குங்கள். விட்டுவைத்தால், அந்தப் படத்தைக் காட்டி வேறொருவர் முற்பணம் வாங்கி ஏமாற்ற இடமுண்டு. பணத்தை இழந்தவர் உங்களைத்தான் தேடி வருவார்.