Cc-இல் யாரைச் சேர்ப்பது? பழைய மின்னஞ்சலுக்கே பதில் போடலாமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா?

அலுவலகத்தில் தீபாவளி விருந்து. மொத்தம் 80 பேர். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பு, வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆன உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு கேட்டரிங் நிறுவனங்களிடம் விலை கேட்கிறீர்கள். ஒன்று, தலைக்கு 18 வெள்ளி. இன்னொன்று 15 வெள்ளி. இரண்டையும் மேலாளருக்கு எழுதி அனுப்புகிறீர்கள். அவர் பதில் போடுகிறார்:

"15 வெள்ளிக்காரங்க வேணாம், போன வருஷம் பிரியாணி சரியில்ல. 18 சொன்னவங்ககிட்டயே 16க்குக் கேட்டுப் பாருங்க. ஒத்துக்கலேன்னா 18க்கே எடுத்துக்கலாம். அவங்களையும் Cc பண்ணிப் பேசி முடிச்சிடுங்க."

நீங்கள் அதே மின்னஞ்சலில் Reply All தட்டுகிறீர்கள். கேட்டரிங் நிறுவனத்தின் முகவரியைச் சேர்க்கிறீர்கள். "தலைக்கு 16 வெள்ளிக்குத் தர இயலுமா?" என்று பணிவாகக் கேட்டு அனுப்பியும் விடுகிறீர்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே, மேலாளர் எழுதிய பதில் அப்படியே இருக்கிறது.

18க்கே வாங்கிக்கொள்ளத் தயார் என்று படித்துவிட்ட ஒருவர் 16க்கு ஏன் இறங்கி வரவேண்டும்? ஆளுக்கு 2 வெள்ளி, 80 பேருக்கு 160 வெள்ளி. பணமாவது பரவாயில்லை. போட்டி நிறுவனம் சொன்ன விலையும் அதன் பிரியாணியைப் பற்றிய கருத்தும் சேர்ந்தே போய்விட்டன.

பதில் அனுப்பும்போது என்னென்ன கூடவே போகிறது?

வாட்ஸ்ஆப் குழுவில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் பொதுவாக அவருக்குப் பழைய உரையாடல் தெரியாது. அந்தப் பழக்கத்தில் மின்னஞ்சலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இது நேர்மாறு. நீங்கள் பதில் எழுதும்போது, அதுவரை நடந்த பேச்சு முழுவதும் வழக்கமாக உங்கள் பதிலுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகும். கடைசியாகச் சேர்ந்தவரும் கீழே இறங்கி இறங்கி முதல் வரி வரை படிக்கலாம்.

இது நம் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. ஜிமெயில் அந்தப் பழைய பகுதியை மூன்று புள்ளிகளுக்குள் மடித்து வைத்துவிடும். கைத்தொலைபேசியில் கேட்கவே வேண்டாம். அனுப்பும் முன் அந்த மூன்று புள்ளிகளைத் தட்டிப் பாருங்கள். உள்ளே இருப்பது எல்லாம் போகப்போகிறது.

"தலைப்பை மாத்திட்டேனே, அது புது மின்னஞ்சல்தானே?" என்று கேட்கலாம். ஜிமெயிலில் தலைப்பை மாற்றினால் அது தனி உரையாடலாகப் பிரிந்து தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பிரிவது தோற்றம் மட்டும். கீழே ஒட்டியிருக்கும் பழைய பேச்சு அப்போதும் கூடவே போகும். புதிய மின்னஞ்சல் என்றால் Compose அல்லது New mail தட்டி, வெற்றுப் பக்கத்தில் தொடங்குவது மட்டுமே.

இந்த இடத்தில் அதைத்தான் செய்திருக்க வேண்டும். கேட்டரிங் நிறுவனத்துக்கு வேண்டியது நான்கு தகவல்கள்: தேதி, இடம், எத்தனை பேர், நீங்கள் கேட்கும் விலை. அவற்றை மட்டும் எழுதி, இப்படி ஒரு தலைப்பு போட்டால் போதும்:

```
Subject: Deepavali lunch catering, 80 pax
```

மேலாளருக்குப் பழைய தொடரிலேயே ஒரு வரி: "கேட்டரிங் நிறுவனத்திடம் தனி மின்னஞ்சலில் பேசுகிறேன், உங்களையும் Cc-இல் வைத்திருக்கிறேன்." இந்த ஒரு வரி இல்லையென்றால், பழைய தொடரில் அவர் உங்கள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

அப்படியென்றால் எப்போது அதே தொடரில் பதில் போடலாம்?

அதே ஆட்கள், அதே கேள்வி என்றால் தாராளமாக. சொல்லப்போனால் அப்போது புதிதாகத் தொடங்குவதுதான் தொந்தரவு. "நீங்கள் கேட்ட மெனு இதோ" என்று தனியாக ஒரு மின்னஞ்சல் வந்தால், எதற்கான மெனு, யார் கேட்டது என்று மேலாளர் தேட வேண்டியிருக்கும்.

வெளியாள் ஒருவர் உள்ளே வரும்போது நின்று யோசியுங்கள். கேள்வி மாறும்போதும் அப்படியே. விருந்துக்கான தொடரில் "அப்புறம், அடுத்த வாரம் எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்" என்று கேட்காதீர்கள். மேலாளர் படிப்பார், தலையாட்டுவார், மறந்துவிடுவார். அடுத்த வாரம் அந்தத் தகவலைத் தேடினால் "catering" என்ற தலைப்புக்குள் அது இருப்பது உங்களுக்கே நினைவு வராது.

ஒருவருடைய முகவரியைத் தேடச் சோம்பல்பட்டு, அவருடைய பழைய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து Reply தட்டுகிறோமே, அதுவும் இந்த வகைதான். ஒவ்வொரு மின்னஞ்சலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாள எண் இருக்கிறது. பதில் போடும்போது, எந்த மின்னஞ்சலுக்கான பதில் என்பதை `In-Reply-To` என்ற மறைவான வரி சுமந்து செல்லும். அதை வைத்துத்தான் பல செயலிகள் ஒரே தொடராகக் கோக்கின்றன. நீங்கள் புது விஷயம் என்று நினைத்து எழுதியது, அவருடைய திரையில் மூன்று மாதப் பழைய பேச்சின் அடியில் போய் உட்காரும்.

எல்லாருக்கும் போன மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்காது

விருந்துக்கே திரும்புவோம். இந்த முறை எல்லாம் சரியாக நடந்து, புதிய தொடரில் பேரம் பேசி 17 வெள்ளிக்கு முடித்துவிட்டீர்கள். ஜிஎஸ்டியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவோம். 80 பேருக்கு 1,360 வெள்ளி. பாதி முன்பணம், அதாவது 680 வெள்ளி. கேட்டரிங் நிறுவனம் இன்வாய்ஸ் இணைத்து மின்னஞ்சல் அனுப்புகிறது. அதற்கு நீங்கள் Reply All போட்டு, கணக்குப் பிரிவைச் சேர்த்து, பணம் கட்டச் சொல்கிறீர்கள்.

கணக்குப் பிரிவிலிருந்து முதல் கேள்வி: "இன்வாய்ஸ் எங்கே?"

எழுத்துகள் எல்லாம் போகும்; இணைப்புகள் போகாது. Reply, Reply All இரண்டும் பழைய கோப்புகளைச் சுமப்பதில்லை. Forward மட்டும்தான் சுமக்கும். ஆகவே புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது கோப்பை மறுபடி இணைக்க வேண்டும். சரி, இணைத்து அனுப்பிவிட்டீர்கள்.

மறுநாள் காலை, எம்ஆர்டியில் வந்துகொண்டிருக்கும் மேலாளர் தொலைபேசியைத் திறக்கிறார். அவர் கண்ணில் படுவது கேட்டரிங் நிறுவனத்தின் மின்னஞ்சல். அதிலேயே Reply All தட்டி, "95 பேர் ஆயிடுச்சு, மாத்திடுங்க" என்று அனுப்புகிறார்.

அந்த மின்னஞ்சல் வந்த நேரத்தில் கணக்குப் பிரிவு தொடரில் சேரவே இல்லை. Reply All என்பது தொடரில் இருக்கும் எல்லாருக்கும் போவதன்று. எந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறோமோ, அதில் இருந்தவர்களுக்கு மட்டுமே போகும். உங்கள் திரையில் எல்லாம் ஒரே தொடராக, வரிசையாகத் தெரிவதால் எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறீர்கள். கணக்குப் பிரிவு 680 வெள்ளியைக் கட்டுகிறது. கேட்டரிங் நிறுவனமோ 95 பேருக்கான 1,615 வெள்ளியில் பாதி, 807.50 வெள்ளியை எதிர்பார்க்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. முக்கியமான எண்ணோ தேதியோ மாறி ஒரு பதில் வந்தால், அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் முகவரிப் பட்டியலை விரித்துப் பாருங்கள். யாராவது விடுபட்டிருந்தால், அந்தப் பதிலுக்கே Reply All போட்டு அவரைச் சேர்த்து, "95 பேர், முன்பணம் இனி 807.50 வெள்ளி" என்று எழுதிவிடுங்கள். நீங்கள் பதில் போடும்போது எப்போதும் தொடரின் கடைசி மின்னஞ்சலைத் திறந்து போடுங்கள்.

To-வில் யார், Cc-இல் யார்?

To-வில் இருப்பவர் ஏதாவது செய்ய வேண்டும். Cc-இல் இருப்பவர் தெரிந்துகொண்டால் போதும். கணக்குப் பிரிவைப் பணம் கட்டச் சொல்லிவிட்டு Cc-இல் வைத்தால், "எனக்கு இல்ல போல" என்று அவர்கள் கடந்துபோக வாய்ப்பு அதிகம். To-வில் நான்கு பேர் இருந்தால், யார் எதைச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இல்லையென்றால் நால்வரும் மற்ற மூவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

Cc-க்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இவர் இதைப் படிக்காவிட்டால் என்ன கெட்டுப்போகும்? பதில் "ஒன்றுமில்லை" என்றால் அவர் வேண்டாம்.

மேலாளரைச் சேர்ப்பதில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். முதல் மின்னஞ்சலிலிருந்தே அவர் Cc-இல் இருந்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். சக ஊழியர் இரண்டு நாள் பதில் போடவில்லை என்பதற்காக, மூன்றாவது நினைவூட்டலில் அவருடைய மேலதிகாரியைச் சேர்த்தீர்கள் என்றால், அதில் என்ன எழுதியிருந்தாலும் புகாராகத்தான் படும். அதற்கு முன் மேசைக்கே போய், "அண்ணே, அந்த லிஸ்ட் என்னாச்சு?" என்று கேட்டுவிடலாம்.

ஒருவருடைய வேலை முடிந்துவிட்டதா? அவரை Bcc-க்கு மாற்றி, "மேலாளரை Bcc-க்கு மாற்றியிருக்கிறேன்" என்று முதல் வரியில் எழுதுங்கள். அவருக்கு இந்த ஒரு மின்னஞ்சல் கிடைக்கும். அதற்கு மற்றவர்கள் போடும் பதில்கள் அவருக்குப் போகாது. ரகசியமாக ஒருவருக்குக் காட்ட மட்டும் Bcc-ஐப் பயன்படுத்தாதீர்கள். தான் மறைந்திருப்பது தெரியாமல் அவர் Reply All தட்டினால் அங்கேயே வெளிச்சம். அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்றால், அனுப்பி முடித்தபிறகு தனியாக Forward செய்யுங்கள்.

தவறான ஆளுக்கு அனுப்பிவிட்டால்?

ஜிமெயிலில் அனுப்பியவுடன் Undo என்று சில விநாடிகள் தெரியும். வழக்கமாக 5 விநாடிதான். கணினியில் Settings-க்குள் Undo Send பகுதியில் அதை 30 விநாடி வரை கூட்டலாம். அவுட்லுக்கின் Recall வசதி உங்கள் நிறுவனத்துக்கு உள்ளே அனுப்பியதற்குத்தான் உதவும். கேட்டரிங் நிறுவனத்துக்குப் போய்விட்ட மின்னஞ்சலைத் திரும்ப இழுக்க முடியாது. அந்த நிலையில் முதலில் மேலாளரிடம் சொல்லுங்கள். அவருடைய பேரத்தைத்தான் அவர்கள் படித்துவிட்டார்கள், அடுத்து என்ன விலை பேசுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.