சாய்ந்து நிற்கும் கம்பி, நிமிர்ந்து நிற்கும் கம்பம்

தெருவில் மின்கம்பி எங்கே முடிகிறதோ, அங்கே நிற்கும் கடைசிக் கம்பத்தைப் பாருங்கள். மற்ற கம்பங்களுக்கு இல்லாத ஒன்று அதற்கு இருக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு முறுக்குக் கம்பி சாய்வாக இறங்கி மண்ணுக்குள் போகும். லைன்மேன்கள் அதை ஸ்டே கம்பி என்பார்கள். நடுவில் பீங்கானில் ஒரு முட்டை, அடியில் துருப்பிடித்த ஓர் இரும்புத் தடி, அதில் முறுக்கி இறுக்குவதற்கு ஒரு மரை. இவ்வளவுதான் அதன் உடைமை.

நடுவில் நிற்கும் கம்பத்தை இரண்டு பக்கமும் மின்கம்பிகள் சமமாக இழுப்பதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். கடைசிக் கம்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எல்லாக் கம்பிகளும் ஒரே பக்கமாக இழுக்கின்றன. நான்கு கம்பி, ஒவ்வொன்றிலும் 150 கிலோ இழுவை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 600 கிலோ. சிறு தெருக்களில் நடப்படும் கான்கிரீட் கம்பங்கள் உச்சியில் 140 கிலோ அல்லது 200 கிலோ பக்க இழுவைக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுபவை. அதைப் போல மூன்று மடங்கு இழுவையைத் தனியாகத் தாங்கச் சொன்னால் கம்பம் அடியில் விரிசல் விடும், அல்லது மண்ணைப் பிளந்துகொண்டு சாயும். எதிர்ப் பக்கம் இழுக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஸ்டே கம்பி.

இதுவரை யாருக்கும் எளிதில் புரியும். பலர் கவனிக்காமல் விடுவது அடுத்த பாதியை. ஸ்டே கம்பி சாய்வாக இருப்பதால் பக்கவாட்டில் மட்டும் இழுக்க அதனால் முடியாது. கம்பத்தைக் கீழ்நோக்கியும் இழுக்கும். அந்தக் கீழ்நோக்கிய இழுவை முழுவதும் கம்பத்தின் உடல் வழியாக அமுக்கு விசையாக இறங்கி அடி மண்ணில் போய் உட்காரும். கம்பியில் இழுவிசை எவ்வளவு கூடுகிறதோ, கம்பத்தின் மேல் அமுக்கமும் அவ்வளவுக்கு அவ்வளவு கூடும். ஒன்று இல்லாமல் மற்றொன்று கிடையாது.

எவ்வளவு என்று கணக்கிட முக்கோணவியல் படித்திருக்க வேண்டியதில்லை. கம்பி கட்டிய உயரத்தை, கம்பத்தடிக்கும் கம்பி மண்ணில் இறங்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். வரும் எண்ணைப் பக்க இழுவையால் பெருக்குங்கள். அதுதான் கம்பத்தை அமுக்கும் விசை.

தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் கம்பி கட்டியிருக்கிறது. தரையில் 6 மீட்டர் தள்ளி இறக்கியிருக்கிறார்கள். அதாவது 45 பாகைச் சாய்வு. உயரமும் தூரமும் சமம் என்பதால் கம்பத்தின் மேல் இறங்கும் அமுக்கம் அதே 600 கிலோ. கம்பியில் ஏறும் இழுவிசை சுமார் 850 கிலோ.

இப்போது அந்த இடத்தில் ஒருவர் வீட்டுக்குக் கேட் வைக்கிறார். ஸ்டே இடைஞ்சலாக இருக்கிறது என்று 3 மீட்டருக்கு நகர்த்துகிறார்கள். மின்கம்பிகள் இழுக்கும் இழுவை மாறவில்லை, அதே 600 கிலோதான். ஆனால் கம்பத்தின் மேல் அமுக்கம் 1,200 கிலோ ஆகிவிட்டது. கம்பியின் இழுவிசை 1,340 கிலோ. சாலையை அகலப்படுத்தும்போது இன்னும் நெருக்கி 2 மீட்டருக்குக் கொண்டுவந்தால் அமுக்கம் 1,800 கிலோ, இழுவிசை ஏறக்குறைய 1,900 கிலோ. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே கம்பம், அதே கம்பி. சாய்வு மட்டும் சற்றுச் செங்குத்தாகியிருக்கிறது. உள்ளே சுமை மும்மடங்காகியிருக்கிறது.

கம்பி இதைத் தாங்குமா? வீட்டு மின்பாதைகளில் வழக்கமாகப் போடப்படுவது 2.5 மில்லிமீட்டர் கம்பி ஏழைச் சேர்த்து முறுக்கிய ஸ்டே. சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன் தரத்தில் அது அறுபடும் சுமை ஏறத்தாழ 2,400 கிலோ. ஸ்டே கம்பிக்குக் குறைந்தது இரண்டு மடங்கு பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லியிருக்கின்றன. அப்படியானால் 1,200 கிலோவுக்கு மேல் அதில் ஏற்றக் கூடாது. 6 மீட்டரில் இறக்கிய ஸ்டே தாராளமாகத் தேறும். 3 மீட்டரில் இறக்கியது விதியை மீறிவிட்டது. 2 மீட்டரில் இறக்கியது புயல் காற்றை எதிர்பார்த்து நிற்கிறது என்றே சொல்ல வேண்டும். நெருக்கியே தீர வேண்டிய இடத்தில் ஸ்டேயைக் கம்பத்தடிக்குக் கொண்டுவருவது தீர்வு ஆகாது. எதிர்ப் பக்கம் ஒரு முட்டுக் கம்பம் கொடுக்கலாம். அல்லது சாலைக்கு அப்பால் ஒரு குட்டைக் கம்பம் நட்டு, தலைக்கு மேலாகக் கம்பியைக் கொண்டுபோய் அங்கிருந்து இறக்கலாம்.

கான்கிரீட் கம்பத்துக்கு 1,800 கிலோ அமுக்கம் ஒரு பொருட்டே அல்ல. கான்கிரீட்டின் பலமே அமுக்கத்தைத் தாங்குவதில்தான் இருக்கிறது. சிக்கல் அதன் காலடியில். கம்பத்தின் அடி 15 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்று கொண்டால் பரப்பு 450 சதுர சென்டிமீட்டர். 1,800 கிலோவை அதில் வைத்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 4 கிலோ. இது கம்பத்தின் சொந்த எடையைச் சேர்க்காமல். பக்கத்து மண்ணின் பிடிப்பு கொஞ்சம் கைகொடுக்கும் என்றாலும், வயலோரத்து ஈரக் களிமண்ணிடம் இதில் பாதியைக்கூட நம்பி வைக்க முடியாது. அதனால்தான் குழிக்குள் முதலில் ஒரு கல் பலகையோ கான்கிரீட் பலகையோ போட்டு அதன்மேல் கம்பத்தை நிறுத்துகிறார்கள். 45 சென்டிமீட்டர் சதுரப் பலகை போட்டாலே அந்த 4 கிலோ ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். பலகை இல்லாத கம்பம் மழைக்காலத்தில் மெல்லப் புதையும். இரண்டு விரற்கடை புதைந்தால் போதும், ஸ்டே தொய்ந்துவிடும். தொய்ந்த ஸ்டே எதையும் பிடிப்பதில்லை.

மறுமுனையிலும் இதே கதை தலைகீழாக நடக்கிறது. கம்பத்தை எத்தனை கிலோ கீழே அமுக்குகிறதோ, அத்தனை கிலோ ஸ்டேயின் நங்கூரத்தை மேலே பிடுங்குகிறது. மண்ணுக்குள் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஓர் இரும்புத் தகடு படுத்திருக்கும். தடியின் கீழ்முனை அதில் மாட்டியிருக்கும். அதை வெளியே வராமல் வைத்திருப்பது அதன் மேல் கிடக்கும் மண்ணின் எடையும் பிடிப்பும்தான். குழியைத் தோண்டிய மண்ணைத் திணிக்காமல் கொட்டி மூடினாலோ, பிறகு யாரேனும் அந்த மண்ணை வாரிக்கொண்டு போனாலோ, தகடு மெல்ல மேலே வரத் தொடங்கும்.

மொட்டைமாடியில் ஆன்டெனாவுக்காக நிறுத்தும் ஜி.ஐ. பைப்பில் அமுக்கத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும் என்பதால் அதற்கு மூன்று பக்கம் ஸ்டே கட்டுவார்கள். மூன்று கம்பியையும் நன்றாக முறுக்கி ஆளுக்கு 500 கிலோ ஏற்றினால் பக்க இழுவைகள் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். கீழ் இழுவைகள் அப்படி அழியாது, ஒன்றுசேரும். 45 பாகைச் சாய்வில் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 1,060 கிலோ. காற்றே இல்லாத நாளில், உச்சியில் ஒரு ஆன்டெனா மட்டும் இருக்கும் பைப் ஒரு டன் சுமந்துகொண்டிருக்கிறது. இறுக்க இறுக்கப் பலம் என்ற நினைப்பு இங்கே பொய்த்துப்போகிறது.

மெலிந்த நீளமான பொருள் அமுக்கத்தில் நொறுங்குவதில்லை, வளைந்து ஒடிகிறது. ஒரு முழ ஈர்க்குச்சியை மேசையில் நிறுத்தி மேலிருந்து விரலால் அமுக்குங்கள், நொடியில் வளைந்துவிடும். அதையே நான்கு விரல் நீளத்துக்கு ஒடித்து அமுக்கினால் விரல் வலிக்கும். நீளம் இருமடங்கானால் தாங்கும் சுமை கால் பங்காகிவிடும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் காட்டிவிட்டார். ஆகவே உயரமான கம்பத்துக்கு உச்சியில் மட்டும் கட்டாமல் இடையிடையே பல மட்டங்களில் ஸ்டே கட்டுகிறார்கள். ஒவ்வொரு மட்டமும் கம்பத்தை ஒரு குட்டைத் துண்டாக்குகிறது. வானொலிக் கோபுரங்களின் கம்பிகளை முதலில் அவை அறுபடும் சுமையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இறுக்கி வைப்பது வழக்கம். மிச்சத்தைக் காற்றுக்கு விட்டுவைக்கிறார்கள்.

அந்த இறுக்கத்தைக் கருவி இல்லாமலும் அறியலாம். நீளமான ஸ்டேயின் அடியில் பட்டென்று ஓர் அடி கொடுத்துவிட்டுக் கையை வைத்திருந்தால், அதிர்வு மேலே ஓடி முட்டித் திரும்பி வந்து உள்ளங்கையில் இடிக்கும். சரியாக இறுக்கிய 200 மீட்டர் கம்பியில் அது போய்வர மூன்று வினாடிக்குச் சற்று மேலாகும். கம்பி தளர்ந்திருந்தால் இன்னும் தாமதிக்கும். நேரத்தை அளந்தே இழுவிசையைக் கணக்கிடுகிறார்கள்.

ஒரு மட்டத்தின் சமநிலை கெட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போலந்து சாட்சி. கான்ஸ்டான்டினோவ் என்ற ஊரில் 1974இல் கட்டி முடிக்கப்பட்ட வானொலிக் கோபுரம் 646 மீட்டர் உயரம். அன்று உலகில் அதைவிட உயரமாக மனிதர் நிறுத்திய பொருள் இல்லை. ஐந்து மட்டங்களில் மும்மூன்றாகப் பதினைந்து எஃகு வடங்கள் அதைப் பிடித்திருந்தன. 1991 ஆகஸ்ட் 8 அன்று உச்சி மட்டத்து வடங்களை மாற்றும் வேலை நடந்தது. மாற்றும்போது நேர்ந்த பிழையால் அந்த மட்டத்தின் இழுவை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோபுரம் முதலில் வளைந்தது. வளைந்த தூணின் மேல் அமுக்கம் இறங்கும்போது அந்த அமுக்கமே வளைவை இன்னும் பெரிதாக்கும். ஏறத்தாழப் பாதி உயரத்தில் ஒடிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கோபுரம் மறுபடி எழவில்லை.

நம் தெருவுக்கு அவ்வளவு பெரிய கணக்கு வேண்டாம். நடந்து போகும்போது ஸ்டே தடியைச் சுற்றியுள்ள மண்ணைப் பாருங்கள். வட்டமாக வெடிப்பு விட்டிருந்தாலோ, மண் சற்று மேடிட்டிருந்தாலோ தகடு மேலே வருகிறது என்று பொருள். தரையைத் தொடும் இடத்தில் தடி துருவேறி இளைத்திருக்கிறதா, முறுக்கில் ஏதேனும் ஓர் இழை அறுந்து மீசைபோல நீட்டிக்கொண்டிருக்கிறதா, காற்று இல்லாதபோதே கம்பி தொய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். கம்பம் மின்கம்பிகள் போகும் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தால் தாமதிக்கவே கூடாது.

ஆனால் கம்பியில் மட்டும் கை வைக்காதீர்கள். முட்டை இன்சுலேட்டர் உடைந்திருந்தால் கீழே தொங்கும் பகுதியிலும் மின்சாரம் இருக்கலாம். ஸ்டேயில் மாட்டைக் கட்டுவதும், துணி காயப்போடுவதும், டிராக்டர் போக வழி வேண்டும் என்று அதைத் தளர்த்துவதும் வேண்டவே வேண்டாம். ஸ்டே இடைஞ்சலாக இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நகர்த்த வருபவர்களிடம் கம்பத்தடியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இறக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். உயரத்தில் பாதிக்கும் குறைவு என்றால் முட்டுக் கம்பமோ சாலைக்கு மேலே போகும் ஸ்டேயோ கொடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.