இரண்டு ஆண்டில் காலாவதி

அமெரிக்க இதயச் சங்கத்தின் ஏ.சி.எல்.எஸ்., பி.ஏ.எல்.எஸ். சான்றிதழ்கள் இரண்டே ஆண்டுகள்தான் செல்லும். முன்னது பெரியவர்களின் இதயம் நின்றால் செய்ய வேண்டிய உயர்நிலைச் சிகிச்சைக்கு, பின்னது குழந்தைகளுக்கு.

புதுப்பிக்க வரும் நர்ஸையும் இளம் டாக்டரையும் வியர்க்க வைப்பது ‘மெகாகோட்’ தேர்வு. பொம்மை நோயாளிக்கு நாடி நின்றுவிடும். மானிட்டரில் அலை தாறுமாறாக ஓடும். குழுத்தலைவர் மார்பை அழுத்தச் சொல்லி, ஷாக் கொடுக்க வைக்க வேண்டும். ஷாக் முடிந்ததும் சிலர் மானிட்டரையே பார்த்தபடி நின்றுவிடுவார்கள். கோட்டை விடுவது அங்கேதான். உடனே அழுத்தத்தைத் தொடர்ந்து, இரண்டு நிமிடம் கழித்தே அலையைப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்குக் கணக்கே வேறு. பெரியவருக்கு அட்ரினலின் 1 மில்லிகிராம் என்றால், 10 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிகிராம்தான்.

கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது. அதைப் பார்த்தால் இரண்டு ஆண்டு இடைவெளியே அதிகம்.