கண்மாய்க் கட்டுரையில் புகுந்த ‘கமா’

ராமநாதபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எங்கள் பத்திரிகைக்கு அவ்வப்போது எழுதுவார். இரண்டு வருடங்களாக அவருக்குக் கை நடுக்கம். பேனா பிடிக்க முடியவில்லை, கைப்பேசியின் சின்ன விசைகளும் விரலுக்கு அடங்கவில்லை. பேரன் பேச்சுத் தட்டச்சைப் பழக்கிக் கொடுத்தான். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு அவர் பேசுவார், அது எழுதும். அப்படி வந்த முதல் கட்டுரை அவருடைய ஊர்க் கண்மாயைப் பற்றியது. அதில் ஒரு பத்தி இப்படி இருந்தது:

“மழை குறைந்தது கமா மடை திறப்பதில் தகராறு வந்தது முற்றுப்புள்ளி ஊர்ப் பெரியவர்கள் கூடி அந்தத் தகராறுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள் முற்றுப்புள்ளி”

தொலைபேசியில் கேட்டேன். “தம்பி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுதல் நடத்தியிருக்கேன். நான் கமான்னு சொன்னா எந்தப் பிள்ளையும் கமான்னு எழுத்தால எழுதாது, குறியைத்தான் போடும். இது மட்டும் ஏன்ப்பா எழுதுது?” என்றார்.

அந்தக் கேள்விக்குள்ளேயே விடை பாதி இருக்கிறது. வகுப்பில் ஆசிரியர் வாசிக்கும்போது பாடத்தின் சொற்களுக்கு ஒரு குரல், ‘கமா’வுக்கு இன்னொரு குரல். குறியின் பெயர் வரும்போது குரல் தாழும், ஏற்ற இறக்கம் போய்விடும், முன்னும் பின்னும் ஒரு சிறு இடைவெளி விழும். பிள்ளைகள் அந்தக் குரல் மாற்றத்தைக் கேட்டே ‘இது பாடம் இல்லை, எனக்குச் சொல்லும் கட்டளை’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். யாரும் அதைத் தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

பேச்சுத் தட்டச்சில் வழக்கமாக இந்த வேலை இரண்டு படிகளாகப் பிரிந்து நடக்கிறது. முதல் படி ஒலியைச் சொற்களாக மாற்றுகிறது. இரண்டாம் படி அந்தச் சொற்களைச் சீர்செய்கிறது: ‘இருபத்தைந்து’ என்பதை 25 ஆக்குவது, குறியின் பெயரைக் குறியாக்குவது எல்லாம் இங்கேதான். இரண்டாம் படிக்கு வரும்போது குரல் இல்லை. தாழ்ந்த தொனியும் இடைவெளியும் முதல் படியிலேயே உதிர்ந்துவிட்டன. மிஞ்சியது வெறும் எழுத்து. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு இது கட்டளையா, கட்டுரையின் சொல்லா என்று அது முடிவு செய்தாக வேண்டும்.

ஆங்கிலத்துக்கு இதைச் செய்துவைத்து நெடுங்காலம் ஆகிறது. 1997இல் வந்த ‘டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்’ என்ற மென்பொருளின் சொற்பட்டியலில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு வடிவங்கள் இருந்தன: எழுதும் வடிவம் ஒன்று, சொல்லும் வடிவம் ஒன்று. பக்கத்துச் சொற்களைப் பார்த்து எந்த வடிவம் பொருந்தும் என்று அது கணித்தது. விண்டோஸில் வந்த பேச்சுக் கருவியில், கமா என்ற சொல்லே எழுத்தில் வேண்டுமானால் அதற்கு முன் ‘லிட்டரல்’ என்று சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. அப்படி இருந்தும் ஆங்கில மருத்துவர்களின் குறிப்புகளில் ‘கோலன்’ இன்றும் தகராறு செய்யக்கூடிய சொல்தான். முக்காற்புள்ளிக்கும் அதே பெயர், பெருங்குடலுக்கும் அதே பெயர்.

தமிழ் இந்த வரிசையில் பிந்தி வந்தது. கூகுள் தன் பேச்சுத் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். ஒலியைச் சொல்லாக்கும் முதல் படிக்கு மனிதர்கள் பேசிய பதிவுகளும் அவற்றின் எழுத்து வடிவமும் போதும். குறிகளை மாற்றும் படியை ஒவ்வொரு மொழிக்கும் தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு முதல் படியின் பதிவுகள் உதவுவதில்லை, ஏனென்றால் இயல்பாகப் பேசும் யாரும் பேச்சின் நடுவே ‘முற்றுப்புள்ளி’ என்று சொல்வதில்லை. ஆசிரியர் பயன்படுத்திய செயலியில் தமிழுக்கு அந்தப் படி இல்லை. அது காதில் விழுந்ததை ஒழுங்காகவே எழுதியது.

நான் செய்த முதல் வேலை தவறானது. ‘கமா’ என்று வரும் இடத்தையெல்லாம் தேடி, குறியாக மாற்றும்படி கணினிக்குச் சொன்னேன். ஒரு நொடியில் முடிந்தது. பிறகு வாசித்தால் கண்மாய்த் தண்ணீர் ‘வே,க’ வற்றியது, விளைச்சல் ‘அதி,க’ இருந்தது, மக்கள் ‘சு,க’ வாழ்ந்தார்கள். ‘வேகமாக’, ‘அதிகமாக’, ‘சுகமாக’ எல்லாவற்றின் வயிற்றிலும் ‘கமா’ உட்கார்ந்திருக்கிறது. ‘ஆக’ சேர்த்து வினையடை செய்கிற மொழியில் இது எத்தனை இடங்களில் வரும் என்று அன்றுதான் உறைத்தது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, முன்னும் பின்னும் இடைவெளி உள்ள ‘கமா’வை மட்டும் தேடினேன். மாற்றும்போது அந்த முன் இடைவெளியும் சேர்ந்து போக வேண்டும், இல்லாவிட்டால் குறி சொல்லை ஒட்டாமல் தனியே நிற்கும். இப்படிச் செய்ததில் பெரும்பாலானவை சரியாயின.

எஞ்சியவை வேறு எழுத்தில் இருந்தவை. ஒரே வாயால் சொன்ன ஒரே சொல்லை அந்தச் செயலி சில இடங்களில் ‘காமா’ என்றும் சில இடங்களில் ‘கம்மா’ என்றும் எழுதியிருந்தது. கடன்சொல்லுக்கு நிலையான தமிழ் எழுத்து இல்லாததால் வரும் தடுமாற்றம் இது. ‘கம்மா’வைத் தேடி மாற்றக் கை போனது, நல்லவேளை நிறுத்திக்கொண்டேன். அவர்கள் ஊரில் கண்மாய்க்கே பேச்சு வழக்கில் கம்மா என்றுதான் பெயர். ஊர்க்காரர்கள் பேசுவதாக வரும் வரிகளில் அவர் அப்படியே சொல்லியிருந்தார். மாற்றியிருந்தால் கண்மாய்க் கட்டுரையிலிருந்து கண்மாயே போயிருக்கும்.

முற்றுப்புள்ளி இதைவிடக் கடினம். அது தமிழில் குறியின் பெயர் மட்டும் அல்ல, அன்றாடம் புழங்கும் வழக்குச் சொல். வதந்திக்கு முற்றுப்புள்ளி வைப்பார்கள், போராட்டத்துக்கு முற்றுப்புள்ளி விழும். மேலே கொடுத்த பத்தியில் அது மூன்று முறை வருகிறது. முதலாவதும் மூன்றாவதும் குறிகள், நடுவில் இருப்பது சொல். நமக்கு இது உடனே தெரிகிறது, ஆனால் எப்படித் தெரிகிறது என்று நின்று பார்த்தேன். முதலாவதற்கு முன் ‘வந்தது’ என்ற வினைமுற்று இருக்கிறது, மூன்றாவதற்கு முன் ‘வைத்தார்கள்’. நடுவில் இருப்பதற்கு முன்னால் ‘தகராறுக்கு’ என்று நான்காம் வேற்றுமை, பின்னால் ‘வைத்தார்கள்’.

அப்படியானால் ‘முன்னால் க்கு, பின்னால் வை என்று வந்தால் சொல்லாக விட்டுவிடு’ என்று ஒரு விதி செய்துவிடலாமே என்று தோன்றும். நானும் நினைத்தேன். அதே கட்டுரையில் இரண்டு பக்கம் தள்ளி இப்படி ஒரு வரி: “கூட்டம் காலை பத்து மணிக்கு முற்றுப்புள்ளி வைகைத் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு”. முன்னால் ‘க்கு’ இருக்கிறது, பின்னால் ‘வை’ இருக்கிறது. ஆனால் இது குறி. எழுத்தை மட்டும் பார்க்கும் விதி வைகையை வினைச்சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

குறியின் பெயரைச் சொல்லவே வேண்டாம், கருவியே வாக்கியத்தைப் புரிந்து குறி போடட்டும் என்பது இப்போதைய போக்கு. ஆப்பிள் கைப்பேசிகளில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் சில மொழிகளுக்கு இந்த வசதி உண்டு. தமிழ் இதற்கு ஓரளவு இடம் கொடுக்கும் மொழி. ஓலைச்சுவடிகளில் காற்புள்ளியோ முற்றுப்புள்ளியோ கிடையாது, மெய்யெழுத்தின் தலைப் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்படியும் வாசிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து தானே நிறுத்திவிடுவதுதான். கேள்வியும் அப்படி, ‘வந்தாரா’ என்ற ஆகாரமே வினாக்குறியின் வேலையைச் செய்கிறது. ஆனால் வினைமுற்று வந்த இடத்திலெல்லாம் புள்ளி வைத்தால், ‘தண்ணீர் வந்தது என்று சொன்னார்கள்’ என்பது ‘வந்தது’ என்ற இடத்திலேயே உடைந்துவிடும். காற்புள்ளிக்கோ இலக்கணத்தில் அவ்வளவு பிடிமானமும் இல்லை. அது பெரும்பாலும் எழுதுகிறவரின் மூச்சு.

ஆசிரியர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். இலக்கணம் சொல்லிக்கொடுத்தவருக்கே தோன்றக்கூடிய வழி அது. தமிழ் உரைநடையில் இயல்பாக வரவே வராத, ஆனால் கருவிக்கு நன்றாகத் தெரிந்த சொற்களால் ஆன ஒரு தொடர் வேண்டும் என்று யோசித்து, சொற்களைப் புரட்டிப் போட்டார். முற்றுப்புள்ளிக்குப் ‘புள்ளி முற்று’, காற்புள்ளிக்குப் ‘புள்ளி கால்’. இரண்டும் எளிய சொற்கள் என்பதால் எழுத்துத் தடுமாற்றம் குறைந்தது. இந்த வரிசையில் அவை கட்டுரைக்குள் வர வாய்ப்பே இல்லை, அதனால் தேடி மாற்றுவதில் விபத்தும் இல்லை. சில சமயம் ‘புள்ளி மற்றும்’ என்று வந்துவிடுகிறது. அதையும் ஒரு தடவை தேடிப் பார்த்தால் போதும். இரண்டு சொற்களுக்கும் நடுவே மூச்சு விடக் கூடாது என்பதையும் அவரே கவனித்தார். நிறுத்திச் சொன்னால் கருவி அந்த இடத்தில் துண்டை முடித்துவிட்டு, அடுத்ததைப் புது வரியாகத் தொடங்கிவிடுகிறதாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கட்டுரையைச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு வரியைச் சொல்லிச் சோதிப்பது நல்லது: “ராமன் வந்தான் முற்றுப்புள்ளி நீ வந்தாயா கேள்விக்குறி”. குறிகள் விழுந்தால் கவலையில்லை. பெயர்கள் எழுத்தாக வந்தால், அந்தச் செயலியில் தமிழுக்குக் குறி மாற்றம் இல்லை என்று பொருள். உரக்கவோ அழுத்தியோ சொல்வதால் அது மாறாது. குறியும் பெயரும் சேர்ந்து வந்தால், கருவி தானாகவும் குறி போடுகிறது. அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்த வேண்டும், அல்லது நாம் சொல்வதை நிறுத்த வேண்டும்.

கண்மாய்க் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி மட்டும் மிஞ்சியது. புள்ளிகளுக்குச் செய்ததைக் கேள்விக்குறிக்குச் செய்ய அவர் மறந்திருந்தார். கட்டுரையின் கடைசி வரி அது: “இந்தக் கண்மாயின் நிலை இன்று கேள்விக்குறி”. நிலை இன்று கேள்விக்குறியாக இருக்கிறது என்கிறாரா, ‘நிலை இன்று?’ என்று கேட்கிறாரா? இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. முன்சொல்லும் உதவவில்லை, பின்சொல் இல்லவே இல்லை. நான் அவரை அழைத்து, அந்த வரியை வாசிக்கச் சொன்னேன்.

“நிலை இன்று” என்றபோது குரல் மேலே போய் நின்றது. ஒரு நொடி கழித்து, தாழ்ந்த குரலில், வகுப்பில் சொல்வதுபோல, “கேள்விக்குறி” என்றார். குறியைப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன்.