ஆண்டுக்கு ஆண்டு நகரும் சோதனை

பங்குச் சந்தையில் ஒரு வர்த்தக விதி உண்மையிலேயே பயன்படுமா என்று பார்க்க, அதைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதற்கு பேக்டெஸ்ட் என்று பெயர். விதியைச் செதுக்கிய அதே தரவிலேயே அதைச் சோதித்தால் முடிவு எப்போதும் அழகாகத்தான் வரும். அதனால் தரவை இரண்டாகப் பிரித்து, முதல் பகுதியில் விதியைச் சீர்செய்து, மறு பகுதியில் சோதிப்பது வழக்கம். இந்த ஒற்றைப் பிரிப்பு நேர்மையான முறைதான். ஆனால் சந்தை மாறும்போது விதியும் அதற்கு ஈடுகொடுக்குமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைப்பதில்லை.

எளிய விதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நிஃப்டியின் இறுதி விலை கடந்த சில நாட்களின் சராசரிக்கு மேலே போனால் மறுநாள் வாங்க வேண்டும். கீழே இறங்கினால் மறுநாள் விற்க வேண்டும். எத்தனை நாள் சராசரி என்பதை மட்டும் 20 முதல் 200 வரை மாற்றிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் 2010 முதல் 2023 வரையிலான விலைகள் இருக்கின்றன. ஒற்றைப் பிரிப்பில், 2010 முதல் 2019 வரை அதிக லாபம் தந்த நாள் எண்ணிக்கையை எடுத்து, அதையே 2020 முதல் 2023 வரை ஓட்டிப் பார்ப்பார்கள்.

அந்த நான்கு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதில்தான் சிக்கல். 2020 ஜனவரியில் 12,000 புள்ளிகளுக்கு மேல் இருந்த நிஃப்டி, கொரோனா அச்சத்தில் மார்ச் கடைசியில் 8,000-க்கும் கீழே விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது; 2021 அக்டோபரில் 18,000-ஐக் கடந்தது. விலையின் போக்கைப் பின்தொடரும் விதிகளுக்கு இப்படிப்பட்ட காலம் மிகவும் வசதியானது. சரிவின் தொடக்கத்தில் வெளியேறி, ஏற்றத்தில் மீண்டும் நுழைந்த விதி எதுவானாலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும். அந்த மதிப்பெண் விதியின் திறமைக்கா, ஒரே ஒரு அபூர்வ நிகழ்வுக்கா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இன்னொரு குறையும் உண்டு. 2019-இல் தேர்ந்த எண்ணே 2023 வரை மாறாமல் ஓடுகிறது. நடைமுறையில் எந்த வர்த்தகரும் புதிய விலைகளைக் கண்ணால் பார்த்தபின் பழைய எண்ணை நான்கு ஆண்டுகள் கட்டிக்கொண்டு இருக்கமாட்டார்.

வாக்-ஃபார்வர்டு சோதனை இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. ராபர்ட் பார்டோ 1992-இல் வெளியிட்ட நூல் இந்த முறையைப் பரவலாக அறியச் செய்தது. இதில் 2010 முதல் 2013 வரையிலான நான்கு ஆண்டுகளில் சிறந்த எண்ணைத் தேர்ந்து, அதை 2014-இல் மட்டும் சோதிக்க வேண்டும். பிறகு சாளரத்தை ஓராண்டு நகர்த்தி, 2011 முதல் 2014 வரை புதிதாகத் தேர்ந்து, 2015-இல் சோதிக்க வேண்டும். இப்படியே 2019 முதல் 2022 வரை தேர்ந்து 2023-இல் சோதிப்பதோடு முடியும். பத்துச் சோதனை ஆண்டுகளையும் வரிசையாகக் கோத்தால் ஒரு லாப நஷ்டக் கோடு கிடைக்கும். அதில் உள்ள ஒவ்வொரு நாளும், எண்ணைத் தேர்ந்தபோது பார்க்கப்படாத நாள்.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான்: ஒற்றைப் பிரிப்பு ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சோதிக்கிறது, வாக்-ஃபார்வர்டு, அவ்வப்போது எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தையே சோதிக்கிறது. 2016 முதல் 2019 வரையிலான ஓரளவு அமைதியான ஆண்டுகளில் தேர்ந்த எண் 2020-இன் அதிர்ச்சியை எப்படித் தாங்கியது, அந்த அதிர்ச்சியைப் பார்த்தபின் தேர்ந்த எண் 2021-இல் என்ன செய்தது என்று இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம்.

முடிவை அளக்க ஒரு விகிதம் உண்டு. தேர்வுக் காலங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 18 சதவீத லாபம் காட்டிய விதி, சோதனை ஆண்டுகளில் 9 சதவீதம் தந்தது என்று வைத்துக்கொண்டால், அதன் வாக்-ஃபார்வர்டு திறன் 50 சதவீதம். பாதிக்குக் கீழே வெகுவாக இறங்கினால், விதி பழைய விலைகளை மனப்பாடம் செய்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தரகுக் கட்டணத்தையும் வரியையும் கழித்த பிறகே இதைக் கணக்கிட வேண்டும்.

ஆனால் இந்த ஒரு விகிதத்தைவிட, ஒவ்வொரு சாளரமும் எந்த எண்ணைத் தேர்ந்தது என்ற பட்டியல்தான் அதிகம் சொல்லும். 120, 130, 125 என்று மெல்ல அசைந்தால் விதிக்குப் பின்னால் நிலையான ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்ப இடமுண்டு. 40, 180, 60 என்று தாவினால், அது மாறும் சந்தைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. தற்செயல் ஏற்ற இறக்கங்களைத் துரத்துகிறது. மொத்த லாபம் நன்றாக இருந்தாலும் இந்தத் தாவல் எச்சரிக்கைதான். 200 நாள் சராசரி போன்ற மெதுவான விதி ஓராண்டில் சில முறை மட்டுமே வாங்கி விற்கும் என்பதால், ஒரே ஆண்டின் முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் தவறு.

சாளரத்தின் நீளமும் ஒரு தேர்வுதான். நான்கு ஆண்டு சரிவரவில்லை என்று மூன்று, ஐந்து என மாற்றி மாற்றி ஓட்டி, நல்ல முடிவு வந்த நீளத்தை வைத்துக்கொண்டால், சோதனை ஆண்டுகளும் தேர்வில் கலந்துவிடுகின்றன. அதனால் நீளத்தை முன்கூட்டியே முடிவு செய்து, கடைசி ஓராண்டு, ஈராண்டு விலைகளைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, எல்லாம் முடிந்தபின் ஒரே ஒருமுறை மட்டும் அவற்றில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அவ்வளவு கவனமாகச் செய்தாலும், சந்தை கடந்து வந்த ஒரே ஒரு பாதையில்தான் விதி சோதிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பத்து ஆண்டுகளில் வராத வகை நெருக்கடி பற்றி அந்தக் கோட்டில் எந்தத் தகவலும் இருக்காது.